ஷிஃப்ட் தொடங்காதபோது வரும் 409, 504: தமிழில் என்ன சொல்வது?

ஹட்டனிலிருந்து:

வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வருகைப் பதிவுச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு வருபவர் டெப்லட்டில் தன் எண்ணை அழுத்தியதும் `POST /shifts/start` சேர்வருக்குப் போகும். அது தோற்றால் வரும் நிலைக்குறிகளுக்குச் சொல் வேண்டும். 401க்கு "உள்நுழைவு காலாவதி", 403க்கு "அனுமதியில்லை" என்று வைத்தாயிற்று. `409 Conflict` என்பதற்கு முன்பு யாரோ "பிணக்கு" என்று போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் பிணக்கு என்றால் கைத்தொழிற் பிணக்குதான். திரையில் அதைப் பார்க்கும் தொழிலாளி, தன்மேல் ஏதோ முறைப்பாடு இருப்பதாக நினைப்பார். வேறு சொல் சொல்லுங்கள்.

கண்டியிலிருந்து:

தம்பி, ஒவ்வோர் எண்ணுக்கும் சொல் தேட வேண்டாம். 4இல் தொடங்கினால் அனுப்பியவர் பக்கப் பிழை, திரும்ப அனுப்பிப் பயனில்லை. 5இல் தொடங்கினால் சேர்வர் பக்கப் பிழை, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்பலாம். "கோரிக்கைப் பிழை", "சேர்வர் பிழை" இரண்டும் போதும்.

பதுளையிலிருந்து:

எங்கள் தோட்டத்திலும் இதே தொல்லைதான். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், மழை நாளில் கருவி ஏற்பதே இல்லை. கடைசியில் கணக்கப்பிள்ளை கையால் பேர் போடுகிறார். அதற்கு எந்த எண் வரும்?

நுவரெலியாவிலிருந்து:

பதுளை அக்கா, உங்களுடையதில் எந்த எண்ணும் வராது. ரேகையைக் கருவியே ஏற்காததால் கோரிக்கை புறப்படவே இல்லை. அதற்குச் செயலியே சொந்தமாக ஒரு செய்தி காட்ட வேண்டும்.

கண்டி அண்ணன் சொன்னது பாதி சரி. 429 நாலில்தான் தொடங்குகிறது, ஆனால் பொறுத்து அனுப்பினால் போகும். ஐந்தில் தொடங்கும் 504ஐ யோசிக்காமல் திரும்ப அனுப்பினால் சிக்கல். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

இரவு ஷிஃப்ட், மாலை 6 மணிக்கு. ரோலர் அறையில் வேலை செய்பவர் 17:58க்கு எண்ணை அழுத்துகிறார். இடையிலுள்ள கேட்வே 30 விநாடி காத்துப் பார்த்துவிட்டு 504 தருகிறது. பின்னாலிருக்கும் சேர்வரோ மெதுவாக வேலையை முடித்துப் பதிவை எழுதிவிட்டது. பதில்தான் திரும்பவில்லை. திரையில் "தோல்வி". அவர் மறுபடி அழுத்துகிறார், இப்போது 409. திரையில் மறுபடி "தோல்வி". அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல, கிளார்க் கையால் எழுதிவிடுகிறார். மாதக் கடைசியில் ஒரே இரவுக்கு இரண்டு பதிவு. அதைச் சரிபார்க்கும்வரை அவர் சம்பளம் நிற்கிறது.

அந்த 409 இப்படி இருந்தது:

```
HTTP/1.1 409 Conflict
Content-Type: application/problem+json

{"type": "/problems/shift-open",
 "startedAt": "2025-06-14T17:58:09+05:30"}
```

`startedAt` என்ன சொல்கிறது பாருங்கள். முதல் அழுத்தலிலேயே ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. 409 என்றால் கேட்டதும் சேர்வரில் இப்போதிருக்கும் நிலையும் ஒத்துவரவில்லை என்றுதான் பொருள். அதனால் "நிலைமுரண்" என்று முன்மொழிகிறேன். ஆனால் அது பதிவேட்டுக்கும் ஆவணத்துக்கும்தான். தொழிலாளிக்கு "உங்கள் ஷிஃப்ட் 17:58க்கே தொடங்கிவிட்டது" என்று காட்டுங்கள். நேரம் இன்றையதா என்றும் பார்க்க வேண்டும். நேற்றைய ஷிஃப்டை மூடாமல் போயிருந்தாலும் இதே 409 வரும். அப்போது மேற்பார்வையாளர் பழையதை மூடினால்தான் புதியது திறக்கும்.

504க்குத் "தோல்வி" என்ற சொல்லே வேண்டாம். வேலை நடந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. "விடை வரவில்லை" என்று காட்டிவிட்டு, செயலியே `GET /shifts/current` அனுப்பிப் பார்க்கட்டும்.

கண்டியிலிருந்து:

504ஐ நான் அப்படி யோசிக்கவில்லை. ஆனால் `Idempotency-Key` வைத்தால் தைரியமாகத் திரும்ப அனுப்பலாமே? ஒரே சாவி இரண்டாம் முறை வந்தால் சேர்வர் பழைய பதிலையே தரும்.

நுவரெலியாவிலிருந்து:

சேர்வர் அந்தச் சாவியைச் சேமித்து வைத்தால் தரும், அண்ணே. தலைப்பை அனுப்பினால் மட்டும் போதாது. சாவி, ஆள் பொத்தானை அழுத்தும்போது ஒருமுறைதான் உருவாக வேண்டும். ஒவ்வோர் அனுப்பலுக்கும் புதிது உருவானால் சேர்வருக்கு எல்லாம் புதுக் கோரிக்கைதான்.

ஹட்டனிலிருந்து:

சரி, "நிலைமுரண்" எடுத்துக்கொள்கிறேன். எங்கள் சேர்வர் 409இல் `startedAt` அனுப்புவதில்லை, அதைச் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். 504க்கு "விடை வரவில்லை" திரைக்குச் சரி, சொல்தொகுதிக்கு "விடைவராமை" என்று எழுதினால் கொஞ்சம் செயற்கையாகப் படுகிறது. நேற்றைய ஷிஃப்ட் மூடாததற்கு 409ஆ 422ஆ என்று எங்கள் குழுவில் இன்னும் இழுபறி.

கண்டியிலிருந்து:

அதற்கு 422 என்றே சொல்வேன். ஷிஃப்ட் மூடப்பட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி.

நுவரெலியாவிலிருந்து:

நான் 409 பக்கம். பழையதை மூடியதும் அதே கோரிக்கை, ஓர் எழுத்தும் மாறாமல், போய்ச் சேர்கிறதே. 422 என்றால் அனுப்பிய உள்ளடக்கத்தையே திருத்த வேண்டியிருக்கும்.