கலைச்சொல் வேண்டும்: தொகுத்தறிதலில் கூற்றைக் கடுமையாக்கும் உத்திக்கு

தருமபுரி, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அதிலுள்ள ஓர் உத்திக்கு மட்டும் எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. கணக்கு இது:

`(1/2)(3/4)(5/6)...((2n−1)/(2n)) ≤ 1/√(3n)`

n-க்கு இது மெய் என்று கொண்டு n+1-க்குப் போக முயன்றால், `(2n+1)² ≤ 4n(n+1)` என்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் `4n²+4n+1`, வலப்பக்கம் `4n²+4n`. எந்த n-ஐ எடுத்தாலும் சரியாக ஒன்று இடிக்கிறது. ஆனால் வலப்பக்கத்தை `1/√(3n+1)` என்று இன்னும் சிறியதாக்கிவிட்டால் நிறுவல் முடிந்துவிடுகிறது. கேட்டதைவிடக் கடினமான ஒன்றை நிறுவி, கேட்டதை அதன் வழியே பெறும் இந்தச் செயலை எப்படி அழைப்பது?

பாலக்கோடு:

அம்மா, இதற்குப் பெயர் முன்பே இருக்கிறதே. n-க்கு மட்டுமன்றி, அதற்கு முந்தைய எல்லா எண்களுக்கும் கூற்று மெய் என்று கொள்வதைத்தானே வலுவான தொகுத்தறிதல் என்கிறோம்? நான் வகுப்பில் பகாக்காரணிக் கணக்கை அப்படித்தான் நடத்துகிறேன்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அது வேறு, ஐயா. நீங்கள் சொல்வதில் நிறுவவேண்டிய கூற்று மாறுவதில்லை; அதே கூற்றை முந்தைய எண்கள் அனைத்துக்கும் கருதிக்கொள்கிறோம். ஆசிரியை கேட்பதில் கூற்றே மாறுகிறது. இந்தக் குழப்பம் வரும் என்பதற்காகவே 'வலு' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் நான் ஏற்கமாட்டேன்.

கடினமான கூற்று எளிதாக நிறுவப்படுவது எப்படி என்று மாணவர் கட்டாயம் கேட்பர். தொகுத்தறிதலில் கூற்று இரண்டு இடங்களில் வருகிறது: n-இல் நாம் கையில் வைத்திருப்பதாக, n+1-இல் நாம் கொடுக்க வேண்டியதாக. இறுக்கினால் கொடுக்க வேண்டியது கூடுகிறது, கையிருப்பும் கூடுகிறது. இந்தக் கணக்கில் `(2n+1)²(3n+4)` என்பதை `(2n+2)²(3n+1)` என்பதோடு ஒப்பிட வேண்டும். விரித்தால் இரண்டாவது சரியாக n அளவு பெரியது. ஆகவே 'கூற்றை இறுக்குதல்' என்பது என் பரிந்துரை.

அரூர், தமிழாசிரியர்:

இறுக்குதல் நல்ல வினை, ஆனால் கலைச்சொல்லுக்குரிய செறிவு அதில் இல்லை. கருதுகோள் என்ற சொல்லில் இருப்பது 'கொள்' என்ற பகுதி; கெடு கேடானதுபோல, பெறு பேறானதுபோல, முதனிலை திரிந்து அது கோள் ஆயிற்று. அதே வழியில் 'மிகுகோள்' என்று ஆக்கலாம். மிகுதியாகக் கொள்வது என்ற பொருள் அதிலேயே விளங்கும்.

ஓசூர், மென்பொருள் பொறியாளர்:

கோள் என்றால் என் மகளுக்குச் செவ்வாயும் வியாழனும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் பலர். 'பிகு' என்றால் இறுக்கம் என்று அவர்களுக்கும் விளங்கும் என்பதால் அதையும் எண்ணிப் பார்க்கலாம். இன்னொன்று: இறுக்க இறுக்கப் படி எளிதாகிறது என்றால் `3n+2` என்றே எடுத்துக்கொண்டு இன்னும் தாராளமாக நிறுவலாமே?

தருமபுரி, பள்ளி ஆசிரியை:

படி எளிதாகும் என்பது சரி, ஐயா, தொடக்கம் உடைந்துவிடும். `3n+c` என்று வைத்துக் கணக்கிட்டேன். படியில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழித்தால் `(4c−3)n + 3c−3` வருகிறது. அது n=1-இலேயே எதிர்மமாகாதிருக்க c குறைந்தது 6/7 ஆக வேண்டும்; அவ்வளவு இருந்தால் பிறகு வரும் எல்லா n-க்கும் போதும். தொடக்கத்திலோ `1/2 ≤ 1/√(3+c)` என்பதால் c ஒன்றைத் தாண்டக்கூடாது. உங்கள் c=2-க்கு வலப்பக்கம் `1/√5`, அது அரையைவிடச் சிறியது. 6/7-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடைவெளியில் முழு எண் 1 ஒன்றே. மாணவர் ஊகித்துத் திணறாமல் c-ஐ இப்படியே தேடட்டும் என்று இந்தக் கணக்கையும் தாளில் சேர்க்கிறேன்.

அரூர், தமிழாசிரியர்:

அப்படியானால் மிகுகோள் என்பதில் அளவின் எல்லை தெரியவில்லை என்பதை ஒப்புகிறேன். எனினும் இறுக்குதல் அசமன்பாட்டுக்கு மட்டுமே பொருந்தும். 'முதல் n ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ஒரு முழு வர்க்கம்' என்று நிறுவவேண்டிய இடத்தில், 'அது n²' என்று திட்டமாகச் சொன்ன பிறகே படி நகர்கிறது. அங்கே எதை இறுக்கினோம்? எந்த வர்க்கம் என்று குறித்தோம், அவ்வளவே.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

நியாயமான மறுப்பு. ஒரு முழு வர்க்கம் என்ற தளர்வான கூற்றை ஒரே எண்ணுக்கு இறுக்கினோம் என்று என்னால் சொல்ல முடியும். தங்களுக்கு அது வலிந்து பொருள்கொள்வதாகத் தோன்றலாம்.

தருமபுரி, பள்ளி ஆசிரியை:

பேராசிரியர் 'கூற்றை இறுக்குதல்' என்கிறார், அச்சகமும் காத்திருக்கிறது, அதையே இடுகிறேன். ஒற்றை எண் கணக்கை இந்தத் தாளில் சேர்க்கவில்லை.

அரூர், தமிழாசிரியர்:

தாளுக்கு அது இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் உடன் குறிக்க வேண்டுகிறேன்.