பேஸ்லிப்ல பிஎஃப் 3552, பாஸ்புக்ல 2544. பேரோலுக்கு லெட்டர் எழுதணும், கணக்கு சரியானு பாருங்க

மாசக்கடைசி: ஏப்ரல்ல இருந்து பேசிக் 18,400ல இருந்து 21,200 ஆச்சு, ஆனா ஜூலை சம்பளத்துல தான் ஏத்துனாங்க, மூணு மாச அரியர் 8,400 அதோடயே வந்துச்சு. ஜூலை பேஸ்லிப்ல பிஎஃப் 3552 பிடிச்சிருக்காங்க. இப்ப அக்டோபர், பாஸ்புக்ல ஜூலைக்கு என் பங்கு 2544, கம்பெனி பங்கு 1294 தான் இருக்கு. ரெண்டு பக்கமும் 3552 வரணும்ல? அப்போ என்னுது 1008, அவங்களுது 2258 குறையுதுன்னு எழுதலாமா?

கணக்குப்புள்ள: 15,000க்கு மேல பிஎஃப் கட்டாயமே இல்லங்க, 1800 கட்டினா போதும். கேட்டா அதிகமா கட்டிட்டோம்னு குறைச்சிடப் போறாங்க, பாத்துக்கோங்க.

சலான்_சாமி: கட்டாயம் இல்லங்கிறது சரி, ஆனா இவரு கம்பெனி முழு பேசிக்குக்கும் பிடிக்குது, பிடிச்ச காச கட்டித்தான் ஆகணும். அந்த 2258 மட்டும் தப்பு. பாஸ்புக்ல பென்ஷன் கட்டத்த பாத்தீங்களா, அங்க 1250 இருக்கும், 1294ஓட சேத்தா 2544. ஆக ஜூலை மாசத்துக்கு கம்பெனி பங்கு சரியா வந்துருச்சு. வராதது அரியரோடது மட்டும் தான், 8,400ல 12 சதவீதம் 1008, உங்களுது ஒண்ணு அவங்களுது ஒண்ணு. பென்ஷன் ஏற்கனவே 15,000 கணக்குல 1250ல நின்னுட்டதால அவங்க 1008ம் முழுசா பிஎஃப்ல தான் விழணும். அரியருக்கு, கம்பெனி மாசாமாசம் பிஎஃப் ஆபீசுக்குப் போடுற கணக்கு ஃபைலான ஈசிஆர் இல்லாம தனி ஃபைல் போடணும், அதுல தான் நிறைய எடத்துல விட்டுடுவாங்க. 2258னு எழுதிட்டீங்கன்னா அந்த ஒரு தப்ப பிடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் ஒதுக்கிடுவாங்க.

ஊர்க்குருவி: எனக்கும் இதே தான், பழைய கம்பெனி எக்ஸிட் டேட் போடல, பணம் எடுக்க முடியல…

சலான்_சாமி: அது வேற பிரச்சனைங்க, தனியா கேளுங்க.

மாசக்கடைசி: அய்யோ பென்ஷன் கட்டத்த பாக்கவே இல்ல, 1250 இருக்கு. மாத்தி எழுதிருக்கேன்:

> வணக்கம். ஜூலை பேஸ்லிப்பில் என் பிஎஃப் பிடித்தம் ரூ. 3552. இதில் ஜூலை பேசிக் 21,200க்கு 2544, ஏப்ரல் முதல் ஜூன் வரையான அரியர் 8,400க்கு 1008. பாஸ்புக்கில் 2544 மட்டுமே பதிவாகியுள்ளது. ஏப்ரல், மே, ஜூனுக்கு மாதம் 2208 வீதம் சரியாக உள்ளது. எனவே என் பங்கு 1008, நிறுவனப் பங்கு 1008, மொத்தம் ரூ. 2016 வரவேண்டியுள்ளது. அரியர் ஈசிஆர் போட்டிருந்தால் அதன் நகலும் சலான் தேதியும் தரவும், போடவில்லையென்றால் எப்போது போடுவீர்கள் என்று தெரிவிக்கவும். நான்கு மாத பேஸ்லிப்பும் பாஸ்புக்கும் இணைத்துள்ளேன்.

சலான்_சாமி: போதும், அனுப்புங்க. சிடிசிக்குள்ள கம்பெனி பங்கு வருதுன்னா அரியர் கணக்குல அந்த 1008 ஏற்கனவே கழிச்சிருக்காங்களானும் பாத்துக்கோங்க. லேட்டா கட்டுனதுக்கு வட்டி, அபராதம் வந்தா அது கம்பெனி தலையில தான், உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது.

மாசக்கடைசி: அனுப்பிட்டேன். ‘போட்டாச்சு, வரும்’னு ஒரே வரி பதில், சலான் தேதி கேட்டதுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல.