வாரம் 4 நாள் அலுவலக வருகை: மேலாளரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 பேர் கொண்ட குழுவை வழிநடத்துகிறேன். வாரத்தில் 4 நாள் அலுவலகம் வர வேண்டும் என்ற உத்தரவுக்குப் பின், நுழைவு அட்டைப் பதிவுகள் திங்கள்தோறும் எனக்கு வருகின்றன. நேரம் குறைந்தவர்களிடம் விளக்கம் கேட்பது என் பொறுப்பாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து வரும் ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரத்தைப் பயணத்தில் கழித்து, இங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு புனேயில் இருப்பவர்களுடன் பேசிவிட்டுத் திரும்புகிறார். வேறு சிலர் அட்டையைக் காட்டி, காபி குடித்து, மதியமே கிளம்பிவிடுகிறார்கள்; அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேரில் வந்து வேலை செய்ய வேண்டும் என்று மேலாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு. புதிதாகச் சேர்ந்த இருவர், வீட்டிலிருந்தபோது சந்தேகம் கேட்கத் தயங்கி, ஒரு சிறு பிழையில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டனர்.

ஆகவே, அனைவரும் ஒரே 3 நாள்களில் வருவது, மற்ற 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது என்று முன்மொழிய விரும்புகிறேன். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், இத்தகைய ஏற்பாட்டால் பணிவிலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணித்திறன் மதிப்பீடு குறையவில்லை.

இப்படி மேலிடத்தை இணங்கவைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அட்டைப் பதிவுக்குப் பதிலாக எதை அளவுகோலாகக் காட்டினீர்கள்?