ரவுட்டர் டேட்டா முடிகிறது, ஓட்டோ அப்டேட்டை விடவா நிறுத்தவா?

புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டுக்கு ஒரே இணையம், சிம் போட்ட 4ஜி ரவுட்டர். மூன்று அன்ட்ரோயிட் போன், தம்பியின் விண்டோஸ் 11 மடிக்கணினி எல்லாம் அதில்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் எல்லாவற்றிலும் ஓட்டோ அப்டேட்டைப் போட்டுவிட்டேன். காரணம் அப்பா. மின்கட்டணம் கட்ட வங்கிச் செயலியைத் திறந்தால், அப்டேட் செய்யாமல் உள்ளே விடமாட்டேன் என்றது. பழைய போன், இடமும் இல்லை. அவர் வெயிலில் நின்றபடி படங்களை அழித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாத டேட்டா 20ஆம் திகதிக்குள் முடிந்து, தங்கச்சியின் சூம் வகுப்பு நின்றுவிடுகிறது.

பிளே ஸ்டோரில் Over Wi-Fi only வைத்துப் பார்த்தேன். பலனில்லை. ரவுட்டர் சிம்மில் ஓடினாலும் போனுக்கு அது வைஃபைதானே! பிறகு வைஃபை அமைப்பில் Treat as metered தெரிவுசெய்தேன், மடிக்கணினியில் Metered connection போட்டேன். டேட்டா மிஞ்சியது, ஆனால் மூன்று வாரமாக ஒரு அப்டேட்டும் இறங்கவில்லை. விண்டோஸின் Active hours மறுதொடக்கத்தை மட்டும்தான் தள்ளிப்போடுகிறது, பதிவிறக்கத்தை அல்ல.

எங்கள் பொதியில் இரவு 12 முதல் காலை 7 வரை தனி டேட்டா இருக்கிறது, அது தொடப்படாமலே கிடக்கிறது. ஓட்டோ அப்டேட்டை நிறுத்தாமல், பதிவிறக்கம் மட்டும் அந்த நேரத்துக்குள் நடக்கும்படி போனிலும் மடிக்கணினியிலும் எப்படி அமைப்பது?