சில்வர் தம்ளரை எடுத்துச் சிரட்டைக் கோப்பை வைத்த அனுபவம்

நாகர்கோவில் ஸ்டுடியோ

ஈத்தாமொழிப் பக்கம் சிரட்டையில் கோப்பை, கரண்டி செய்கிற ஒரு அக்காவுக்காக ஒரு படம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். எங்க மயினி முட்டம் கடற்கரையில் டீ குடிக்கிற போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது. முகம், வெளிச்சம், கை எல்லாமே அருமையாக விழுந்த படம். ஆனால் கையில் இருப்பது சில்வர் தம்ளர். அதை மட்டும் சிரட்டைக் கோப்பையாக மாற்ற வேண்டும்.

முதலில், படத்தில் குறித்த இடத்தை மட்டும் ஏஐ புதிதாக வரைகிற ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 இன்பெயின்டிங் மாடலில் தம்ளரின் மேல் மாஸ்க் போட்டு ஓட்டினேன். பழையதை எவ்வளவு மாற்றலாம் என்கிற `Denoising strength` 0.5 வைத்தால் பழுப்பு நிறம் பூசிய சில்வர் தம்ளர்தான் வந்தது. 1.0 வைத்தால் நல்ல கோப்பை வந்தது, ஆனால் விரல்களோடு ஒட்டவில்லை. கை ஒரு இடத்தில் பிடித்திருக்க, கோப்பை வேறு இடத்தில் நின்றது.

அப்புறம், பழைய படத்தின் வடிவத்தைப் பிடித்துவைக்கிற கன்ட்ரோல்நெட்டில், ஓரங்களைக் கோடாக எடுக்கிற கேனி போட்டேன். சில்வரில் பட்ட வெளிச்சமும் சேலை மடிப்பின் பிரதிபலிப்பும்கூடக் கோடுகளாகிவிட்டன. கோப்பை முழுக்க யாரோ உளியால் கீறியது போல ஆகிவிட்டது.

கடைசியாக, கோடுகளுக்குப் பதில் எது கிட்டே எது தூரம் என்று மேப் எடுக்கிற டெப்த். விரல்கள் அப்படியே நின்றன, பிடியும் சரியாக வந்தது. ஆனால் கோப்பை உருண்டையாக வரவே இல்லை. நேர்ச் சுவரும் மேலே விரிந்த விளிம்புமாக, சிரட்டை நிறத்தில் ஒரு தம்ளர். பிராம்ப்ட்டில் உருண்டை என்று எத்தனை விதமாக எழுதினாலும் மாறவில்லை. இந்த இடத்தைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினீர்கள்?

தோவாளை டிசைனர்

எனக்குக் கேனியைவிட நம்பகமானது எதுவும் இல்லை. ஒரு மணப்பெண் போட்டோவில் பட்டுச் சேலையின் நிறத்தையும் கரையையும் மாற்றினேன். `Control Weight` 1 வைத்தேன், ஒரு மடிப்புகூட நகரவில்லை. கோடு இருந்தால்தானே வடிவம் நிற்கும்? டெப்த் எல்லாவற்றையும் மெழுகு மாதிரி வழுக்கிவிடுகிறது. நீங்களும் கேனியின் இரண்டு திரெஷோல்டையும் ஏற்றிப் பாருங்கள். 100, 200 என்று இருப்பதை 200, 250 வரை கொண்டுபோனால் பிரதிபலிப்புக் கோடுகள் குறையும்.

மார்த்தாண்டம் பிரிண்டிங்

தோவாளைக்காரர் சொல்வது அவருடைய வேலைக்குச் சரி. சேலை சேலையாகவே இருக்கிறது, துணியும் நிறமும்தான் மாறுகின்றன. அங்கே பழைய கோடுதான் புதிய பொருளுக்கும் கோடு. தம்ளர் கோப்பையாகும்போது அப்படி இல்லை. திரெஷோல்டை ஏற்றினால் சின்னக் கீறல்கள் போகும், ஆனால் எல்லாவற்றையும்விட அழுத்தமான கோடு தம்ளரின் வெளிவிளிம்பு. அதுதான் கடைசிவரை நிற்கும்.

ஸ்டுடியோ அண்ணே, உங்கள் டெப்த் மேப் பொய் சொல்லவில்லை. அங்கே தம்ளர் இருக்கிறது என்று உண்மையைச் சொல்கிறது. அதனால் அந்த மேப்பைத்தான் திருத்த வேண்டும். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

டெப்த் மேப்பைச் சேமித்து ஜிம்ப்பில் திறங்கள். விரல்களைத் தொடாமல் தம்ளர் இருக்கிற பகுதியை மட்டும் அழித்துவிட்டு, அங்கே கோப்பையின் உருவத்தைச் சாம்பல் நிறத்தில் வரையுங்கள். இந்த மேப்பில் கிட்டே இருப்பது வெளுப்பு, தூரம் கறுப்பு. அதனால் கோப்பையின் நடுவயிறு கொஞ்சம் வெளுப்பாகவும் இரண்டு பக்கமும் மெல்ல இருண்டும் போக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது விரல் ஓரம். கோப்பையைச் சுற்றிப் பிடித்த விரல் அதற்கு முன்னால் இருக்கிறது. எனவே விரலை ஒட்டிய இடத்தில் கோப்பை விரலைவிட ஒரு சாயல் இருட்டாக இருக்க வேண்டும். அதைவிட வெளுத்துப்போனால் கோப்பை விரலுக்கு முன்னால் வந்துவிடும், விரல் அதில் புதைந்தது போல ஆகும்.

பிறகு திருத்திய மேப்பைக் கன்ட்ரோல்நெட்டில் போட்டு, போட்டோவிலிருந்து மேப் எடுக்கிற பிரீபிராசசரை `None` என்று வையுங்கள். மறந்து `depth_midas` வைத்தால் அது மேப்பையே ஒரு போட்டோ என்று நினைத்து மறுபடி ஆழம் கணக்கிடும். எனக்குச் சரியாக வரும் அளவு இது:

```
Denoising strength: 1.0
Control Weight: 0.7
Ending Control Step: 0.6
```

முதல் 60 சதவீத ஸ்டெப்பிலேயே வடிவம் உறைந்துவிடும். மீதியில் பிடியை விட்டால்தான் சிரட்டையின் நாரும் வரியும் இயல்பாக வருகின்றன. மாஸ்க்கையும் புதிய உருவத்துக்குப் பெரிதாக்குங்கள். கோப்பை தம்ளரைவிட அகலம் என்றால் பழைய மாஸ்க் அதன் வயிற்றை வெட்டிவிடும்.

குளச்சல் வள்ளம்

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் வள்ளத்தின் படத்தில் அணியத்துப் பக்கம் ஒரு நீல டிரம் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் மணலாக்க வேண்டும். டெப்த் போட்டு ஓட்டினால் டிரம் போன இடத்தில் டிரம் அளவுக்கு ஒரு மணல்மேடு வருகிறது. வெயிட்டைக் கூட்டிப் பார்த்தேன், மேடு இன்னும் அழகாகத்தான் வருகிறது.

மார்த்தாண்டம் பிரிண்டிங்

உங்களுக்கு வேண்டியது வேறு அண்ணே. அவருக்கு வடிவம் நிற்க வேண்டும், உங்களுக்கு வடிவமே போக வேண்டும். டெப்த்தையும் கேனியையும் அணைத்துவிட்டு வெறும் இன்பெயின்டிங்கில் ஓட்டுங்கள். மணலில் விழுந்திருக்கிற டிரம்மின் நிழலையும் மாஸ்க்குக்குள் சேர்த்துவிடுங்கள். நிழல் மிஞ்சினால் அதற்கு ஏற்ப ஒரு பொருளை மாடல் மறுபடி கொண்டுவந்து வைக்கும்.

வடசேரி நகை

நான் கோயில் நகைப் படங்கள் செய்கிறவன். நடனப் பெண் படத்தில் கழுத்தணியை மாற்ற டெப்த்தும் கேனியும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். கழுத்தின் வளைவில் அழகாகப் படிந்தது. ஆனால் அது எங்கள் பட்டறை நகை இல்லை. சிவப்புக் கல் வரிசை மாறியிருந்தது, பதக்கத்தில் நாங்கள் செய்யாத வேலைப்பாடு. வடிவம் நிற்பதால் அதே பொருள் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது நிஜ நகையின் படத்தை வெட்டி ஒட்டிவிட்டு, ஓரத்தையும் நிழலையும் இணைக்க மட்டும் 0.3 டினாய்சிங்கில் ஓட்டுகிறேன். கல்லின் நடுப்பகுதிக்கு மாஸ்க்கே போடுவதில்லை. அந்த ஈத்தாமொழி அக்காவின் கோப்பை விற்பனைக்குப் போகிறதென்றால் நீங்களும் இதை யோசிக்க வேண்டும்.

நாகர்கோவில் ஸ்டுடியோ

நேற்று இரவு மேப்பைத் திருத்தி ஓட்டினேன். முதல் முறை கோப்பையை ஆசைக்கு அகலமாக வரைந்துவிட்டேன். தம்ளரைப் பிடித்த விரல்களின் வளைவு சின்னது, அந்த வளைவுக்குள் பெரிய கோப்பை எப்படி அடங்கும்? விரல் நுனிகள் கோப்பைக்குள் குத்தி நின்றன. விரல் படும் உயரத்தில் தம்ளரின் அகலமே இருக்கட்டும், அதற்குக் கீழே மட்டும் உருளட்டும் என்று மாற்றினேன். அப்புறம் எட்டுப் படம் எடுத்ததில் மூன்று நம்பும்படி வந்தன.

அந்த மூன்றிலும் ஒரு குறை இருந்தது. உள்ளங்கையில் சில்வரின் வெளிச்சம் ஒரு வெள்ளைத் திட்டாக மிஞ்சிவிட்டது. சிரட்டை அப்படி மின்னாதே. அந்தத் திட்டு வரைக்கும் மாஸ்க்கை நீட்டினேன், விரல்களைச் சேர்க்கவில்லை. அதுவும் போய்விட்டது.

வடசேரி அண்ணன் சொன்னது மனதில் நிற்கிறது. அக்காவிடம் கேட்டேன். அவருடைய கோப்பையில் சிரட்டையின் மூன்று கண்ணும் அடியில் தெரியும், அதுதான் அவருக்கு அடையாளம். என் படத்தில் ஒன்றில் இரண்டு கண், மற்ற இரண்டில் எதுவுமே இல்லை. நிஜக் கோப்பையை அதே கோணத்தில் போட்டோ எடுத்து, அதன் டெப்த்தையே வெட்டி மேப்பில் ஒட்டலாமா?

மார்த்தாண்டம் பிரிண்டிங்

ஒட்டலாம். தனியாக எடுத்த படத்தின் சாம்பல் அளவு வேறாக இருக்கும், விரலோடு பொருந்தும் வரை அதைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆனால் கண் வராது. மேப்பில் அவ்வளவு சின்னக் குழி தெரியவே தெரியாது. கண்ணுக்கு வடசேரி முறைதான்.

தோவாளை டிசைனர்

கண் இருக்கிற இடத்தில் மட்டும் கேனி கோடு போட்டு, மற்ற இடத்தை டெப்த்துக்கு விட்டால்? இரண்டு யூனிட்டாகப் போடலாமே. நான் செய்ததில்லை, நாளை முயன்று பார்க்கிறேன்.

நாகர்கோவில் ஸ்டுடியோ

நானும் அதை ஓட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மயினி வீட்டுக்கு வருகிறார்கள். அக்காவிடம் ஒரு கோப்பை வாங்கி வைத்திருக்கிறேன். முடிந்தால் அதைக் கையில் கொடுத்து, அதே வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்துவிடுவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போடுகிறேன்.