ஸ்டார்ட்டர் கல்ச்சருக்குத் தமிழ்: உறையா, பிரையா?

அண்ணா நகரிலிருந்து

வணக்கம். கேட்டரிங் மாணவர்களுக்காக, இறைச்சியைப் புளிக்கவைத்து உலர்த்தும் சலாமியின் செய்முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கலக்கும் நுண்ணுயிர்ப் பொடியான ஸ்டார்ட்டர் கல்ச்சருக்கு 'உறை' என்று போட்டேன், உறைமோர் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் இறைச்சியை அடைக்கும் குடலுக்கும் 'உறை' என்றே எழுதியிருந்ததால், "உறை கலந்த இறைச்சியை உறையில் அடைக்கவும்" என்று வந்து நிற்கிறது. 'புளிப்பு நுண்ணுயிர்' என்று மாற்றிவிடலாமா?

மாதவரத்திலிருந்து

அது சரியாக வராது அம்மா. அந்தப் பொடியில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். லாக்டோபேசில்லஸ் போன்றவை, சேர்த்த சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடும். இன்னொன்று, நோய் தராத ஸ்டாஃபிலோகாக்கஸ் இனங்கள். அவற்றின் வேலை புளிக்க வைப்பது அல்ல, நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவது. சலாமியின் சிவப்பு அதிலிருந்துதான் வருகிறது, மணத்திலும் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் சொல்லை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டாவது வகை வெளியே நின்றுவிடும். இருபது வருடமாக இறைச்சிப் பதப்படுத்தலில் இருக்கிறேன், மாணவர்கள் மறப்பதும் இதைத்தான்.

மயிலாப்பூரிலிருந்து

எங்கள் வீட்டில் உறைமோர் என்று சொல்லவே மாட்டோம், பிரைமோர்தான். 'பிரை' என்று வையுங்களேன், குடலோடு குழப்பம் வராது. ஒரு சந்தேகம்: இட்லி மாவுக்கு நாம் எதுவும் ஊற்றுவதில்லை, தானாகவே புளிக்கிறது, இதற்கு மட்டும் ஏன்? அப்புறம், புளித்துவிட்டாலே கிருமி செத்துப்போகும் அல்லவா, உலர்த்துவது நாள்பட வைத்துக்கொள்ள மட்டும்தானே?

பெரம்பூரிலிருந்து

சொல் எதுவானாலும் சரி, என் கதையைக் கேளுங்கள். மே மாதம் வீட்டில் செய்தேன். சரியாக 1 கிலோ, உப்பு, வெடியுப்பு, டெக்ஸ்ட்ரோஸ், வாங்கிய கல்ச்சர் பொடி. சமையலறையிலேயே தொங்கவிட்டேன், ஒரே நாளில் புளித்துவிட்டது. பிறகு ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். 8 நாளில் 800 கிராம் ஆனது, அதற்குமேல் எடை இறங்கவே இல்லை. வெட்டினால் ஓரம் கருத்து மரம் மாதிரி, நடுவில் வெளுத்துக் கொழகொழவென்று, ஒரு கெட்ட வாடை வேறு. எங்கே தப்பு?

மாதவரத்திலிருந்து

பெரம்பூர்த் தம்பி, முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சமைத்துப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். தப்பு இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. சென்னை மே மாதச் சூட்டில் புளிப்பு விறுவிறுவென ஏறியிருக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு அமிலம் ஆகாது, அதனால் வெடியுப்பிலுள்ள நைட்ரேட்டை மாற்றி முடிப்பதற்குள்ளேயே அடங்கியிருக்கும். நடு வெளுத்ததற்குக் காரணம் அது. சாதாரணமாக 20 முதல் 24 டிகிரியில், நல்ல ஈரக்காற்றில், இரண்டு மூன்று நாள் விடுவோம், பி.எச் 5.8 போல இருப்பது 5.2 அளவுக்கு இறங்கும்.

அந்த இறக்கம்தான் உலர்த்தலுக்கும் வழி திறக்கிறது. அந்தப் புளிப்பில் இறைச்சிப் புரதம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வலுவை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படும். கத்தியில் சலாமி உதிராமல் வருவது அதனால். நீர் வெளியேறத் தயாராக இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் விடவேண்டும்: 12 முதல் 15 டிகிரி, 75 முதல் 80 சதவீத ஈரப்பதம், பல வாரங்கள். உங்கள் 1 கிலோ ஏறக்குறைய 650 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் வறண்ட காற்று வெளிப்புறத்தை முதலில் இறுக்கிவிட்டது, உள்நீருக்கு வழியில்லை. இதை நாங்கள் 'கேஸ் ஹார்டனிங்' என்போம்.

மயிலாப்பூர் அம்மாவுக்கு: 5.2 என்பது பல கிருமிகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் கொல்லாது. 1994இல் அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்களில் சலாமி தின்றவர்களுக்கு ஈ.கோலை தொற்று வந்தது, அந்தக் கிருமி அமிலத்தைத் தாங்கக்கூடியது. உப்பு, அமிலம், நீர் குறைவு மூன்றும் சேர்ந்துதான் காவல். இட்லி மாவைக் கடைசியில் வேகவைக்கிறோம், சலாமியை வேகவைப்பதில்லை. அதனால் எந்த நுண்ணுயிர் முதலில் பெருகும் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடமுடியாது.

பெரம்பூரிலிருந்து

நன்றி ஐயா. அந்த மேல் இறுக்கத்துக்குப் 'பொருக்கு' போதுமே. சுளீர் வெயிலில் போட்ட தடித்த மீன் மேலே காய்ந்து உள்ளே நாறுவதை அம்மா "பொருக்கு கட்டிடுச்சு" என்பார்.

அண்ணா நகரிலிருந்து

'பொருக்கு கட்டுதல்' அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'பிரை'யும் பிடித்திருக்கிறது, இரண்டு வகை நுண்ணுயிருக்கும் பொருந்துகிறது. 'பிரைப்பொடி' என்றால் கடையில் வாங்குவதும் தெளிவாகிவிடும்.

மாதவரத்திலிருந்து

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பிரை என்றாலே நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலில் விடுவது. சலாமியிலும் பழைய கலவையில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் சேர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது, அதில் வேண்டாத கிருமியும் சேர்ந்தே வரும் என்பதால்தான் பொடிக்கு மாறினார்கள். இந்தச் சொல்லைப் படிக்கும் மாணவர் மீந்த கலவையை எடுத்துவைக்கத் தோன்றினால்? அதைத் தடுக்கும் ஒரு வரியைச் சேர்க்காமல் 'பிரை'க்கு நான் சரி சொல்லமாட்டேன்.

மயிலாப்பூரிலிருந்து

வரியைச் சேருங்கள், சொல்லை விடாதீர்கள்.