ஒழுங்கைக் குழு: கால் சதவீதம் எங்கே நின்றுவிட்டது?

*2025 மே 31, சனிக்கிழமை*

தர்சினி: சிவம் மாமா, இலங்கை மத்திய வங்கி 22ஆம் திகதி வட்டியைக் குறைத்தது. இன்று வங்கிக்குப் போய், வீட்டுக் கடன் தவணை இந்த மாதம் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். “இப்போது ஒன்றும் மாறாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

ராணி அன்ரி: எனக்கு மட்டும் உடனே குறைத்துவிட்டார்களே, பிள்ளை! இந்த வாரம்தான் என்னுடைய நிலையான வைப்பைப் புதுப்பித்தேன். 20 இலட்சத்துக்கு மாதம் 14,250 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இனி 12,000தானாம். கால் சதவீதம் குறைந்ததற்கு இவ்வளவா?

ஞானம் மாஸ்டர்: எல்லாம் வங்கிகளின் தந்திரம். மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டால் அடுத்த நாளே எல்லாரும் குறைத்தாக வேண்டும். 2023இல் அப்படித்தான் போட்டார்கள்.

கஜன்: என் முச்சக்கரவண்டி லீசிங்கும் குறையுமா மாமா?

சிவம் மாமா: ஒவ்வொன்றாக வருகிறேன். கஜன், உன் லீசிங் முடியும் வரை ஒரே வட்டி. மத்திய வங்கி கூட்டினாலும் குறைத்தாலும் அது அசையாது.

மாஸ்டர், 2023 ஓகஸ்ட் உத்தரவு உண்மைதான். நகை அடகுக்கு 18, கடனட்டைக்கு 28 சதவீதம் என்று உச்ச எல்லை வைத்தார்கள். அந்த ஜூனிலிருந்து கொள்கை வட்டியை வேகமாக இறக்கியும் கடன் வட்டி அதற்கேற்ப இறங்காததால்தான் அப்படிச் செய்ய நேர்ந்தது. வழக்கமான நாட்களில் உங்கள் வீட்டுக் கடனுக்கு இவ்வளவு வட்டி என்று மத்திய வங்கி சொல்வதில்லை.

ஞானம் மாஸ்டர்: பிறகு எதைத்தான் குறைத்தது?

சிவம் மாமா: கொள்கை வட்டியை, அதாவது வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கைமாற்றும் பணத்தின் விலையை. அந்த வீதம் 8இலிருந்து 7.75 ஆனது. இரவு மிச்சமாக இருக்கும் பணத்தை மத்திய வங்கியில் வைத்தால் 7.25 கிடைக்கும். பணம் போதாவிட்டால் 8.25க்கு அங்கே கடன் வாங்கலாம். ஆகவே எந்த வங்கியும் 7.25க்குக் கீழே கொடுக்காது, 8.25க்கு மேலே வாங்காது. அந்த இடைவெளிக்குள் வீதம் சில நாட்களிலேயே நகர்ந்துவிடும். பிறகு திறைசேரி உண்டியல் வட்டி, புதிய வைப்புகளுக்கான வட்டி, பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்கும் கடன் வட்டி என்று படிப்படியாக இறங்கும். தர்சினியின் கடனைப் போன்ற பழைய கடன்கள் கடைசியில் நிற்கின்றன.

ராணி அன்ரி: அப்படியென்றால் என் வைப்பு ஏன் முதலில் நிற்கிறது?

சிவம் மாமா: அக்கா, நீங்கள் போன வருடம் மேயில் எத்தனை சதவீதத்துக்குப் போட்டீர்கள்?

ராணி அன்ரி: 9. இப்போது 8.

சிவம் மாமா: உங்கள் வைப்பு ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. அதற்குள் 2024 ஜூலையில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை என்று கொள்கை வட்டி மூன்று முறை இறங்கிவிட்டது. முதிர்வு நாள் வந்ததும் எல்லாம் சேர்ந்து உங்கள் தலையில் விழுந்தது. ஒரு வருடம் பழைய வட்டி உங்களைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

ஆனால் அந்த 2,250 ரூபாய் முழுவதும் வட்டியால் போனதல்ல. போன வருடம் வட்டி 180,000, அதில் 5 சதவீத வரி போக 171,000. இந்த வருடம் வட்டி 160,000. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பிடித்துவைக்கும் வரி 10 சதவீதம், அது போக 144,000. வரி பழையபடி 5ஆக இருந்திருந்தால் மாதம் ஏறத்தாழ 12,670 வந்திருக்கும். ஆகவே 1,580 ரூபாய் வட்டியால் குறைந்தது, 670 ரூபாய் வரியால்.

ராணி அன்ரி: வரியா! அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

சிவம் மாமா: உங்கள் வருட வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சத்துக்குள் என்றால், வங்கியில் ஒரு சுய பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். வரி பிடிக்கமாட்டார்கள். வரி இலக்கம் வேண்டும்.

தர்சினி: மாமா, என் கடன்…

சிவம் மாமா: கடன் வழங்கும்போது தந்த கடிதத்தை எடு. வட்டி பற்றிய பந்தியில் என்ன இருக்கிறது?

தர்சினி: “ஏ.டபிள்யூ.பி.ஆர். உடன் 2.5 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீளாய்வு, ஜனவரி, ஜூலை.” இப்போது 11.5 சதவீதம் கட்டுகிறேன். மிச்சம் 50 இலட்சம், 15 வருடம். தவணை 58,410.

சிவம் மாமா: ஏ.டபிள்யூ.பி.ஆர். என்பது வங்கிகள் தங்களுடைய மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன்களின் சராசரி வட்டி. மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும். உன் வட்டி அதோடு கட்டப்பட்டது, கொள்கை வட்டியோடு அல்ல. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி வரலாம் என்பதை 2022இல் பார்த்தோம். மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி 15.5ஆக இருந்தபோது இது 25ஐயும் தாண்டியது. அரசாங்கம் தன் உள்நாட்டுக் கடனைத் திருப்பித் தருமா என்ற பயம் வட்டியில் ஏறி நின்றது. 2023இல் அந்தப் பயம் தணிந்ததும் அது கொள்கை வட்டியைவிட வேகமாக விழுந்தது.

உன் வட்டி ஜூலை மீளாய்வில்தான் மாறும். அப்போது கால் சதவீதம் மட்டும் இறங்கினால் தவணையில் ஏறத்தாழ 790 ரூபாய் குறையும். அதே பந்தியில் “ஆகக் குறைந்தது” என்று ஏதாவது இருக்கிறதா?

தர்சினி: …இருக்கிறது. “வட்டி 11 சதவீதத்துக்குக் குறையாது.”

சிவம் மாமா: அதைத்தான் தேடினேன். ஏ.டபிள்யூ.பி.ஆர். 8.5க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் உனக்கு 11தான், தவணை 56,830. கூடும்போது மேலே எல்லை இருக்கிறதா என்றும் பார்.

தர்சினி: மேலே ஒன்றும் இல்லை.

ஞானம் மாஸ்டர்: இப்போது சொல்லுங்கள் சிவம், தந்திரமா இல்லையா?

சிவம் மாமா: அந்த 11 சதவீத நிபந்தனையை நான் நியாயப்படுத்தமாட்டேன். தாமதத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. வங்கியின் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி ராணி அக்காவைப் போன்றவர்கள் போன வருடம் 9க்குப் போட்டது. கூடிய விலைக்கு வாங்கிய பழைய நெல் கொட்டிலில் கிடக்கும்போது புது விலைக்கு அரிசி விற்க எவரும் தயங்குவர். ஆனால் அந்த வைப்புகளெல்லாம் முதிர்ந்த பிறகும் கடன் வட்டி அப்படியே நின்றால், அது இலாபத்துக்காகத்தான்.

ஞானம் மாஸ்டர்: முதிர்ந்த பிறகும் நிற்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கஜன்: அடகு வைத்த சங்கிலி?

சிவம் மாமா: அடகுச் சீட்டில் எழுதிய வட்டிதான், மீட்கும் வரை. தவணை முடியும்போது திரும்ப வைத்தால் அன்றைய வட்டி. வைப்பதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் கேள்.

ராணி அன்ரி: தம்பி சிவம், வைப்பை ஒரு வருடத்துக்குப் போட்டது சரியா, மூன்று மாதத்துக்கு மாற்றவா?

சிவம் மாமா: வட்டி இன்னும் இறங்கும் என்றால் ஒரு வருடம் நல்லது, ஏறும் என்றால் மூன்று மாதம் நல்லது. எது நடக்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியை வெட்டுவார்கள். போட்டதை விட்டுவிடுங்கள்.

தர்சினி: மாமா, அந்த 11ஐ எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

சிவம் மாமா: கேள். ஜூலைக்கு முன் முகாமையாளருக்கு எழுத்தில் கொடு. தவணை தவறாமல் கட்டியதைச் சொல், வேறு வங்கி எவ்வளவுக்குத் தருகிறது என்பதையும் விசாரித்து எழுது. மறுத்தால் மாறுவதற்கு முன், கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணம், புதிய ஈட்டுச் செலவு, சட்டத்தரணி கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார். அரைச் சதவீதம் குறைந்தால் உனக்கு மாதம் 1,600 அளவில்தான் மிச்சம். அந்தச் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடு.

ஞானம் மாஸ்டர்: கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், தர்சினி.

ராணி அன்ரி: கஜன், திங்கட்கிழமை என்னை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போ அப்பன். அந்தப் படிவத்துக்கு அடையாள அட்டை மட்டும் போதுமா, வரி இலக்கத்துக்கு முதலில் வேறிடம் போக வேண்டுமா?